அலுவலக வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கேட்கும் கடிதம்: எப்போது, எவ்வளவு, எப்படி

அலுவலகத்தின் வாடகை ஒப்பந்தம் முடியப்போகிறது. இடம் பிடித்திருக்கிறது, இங்கேயே இருக்கலாம் என்று முடிவாகிவிட்டது. ஆனால் வாடகை கொஞ்சம் குறைந்தால் நல்லது, குறைந்தபட்சம் ஏறாமலாவது இருக்க வேண்டும். இந்த வேலையை முதல்முறையாகக் கையில் எடுக்கும் நிர்வாக ஊழியருக்காகவும் சிறு நிறுவனம் நடத்துபவருக்காகவும் இதை எழுதுகிறேன். நான் பல ஆண்டுகளாக இந்தக் கடிதங்களை எழுதி வருகிறேன். எனக்குத் தெரிந்து சறுக்கியவர்களில் கடிதத்தின் நடையால் சறுக்கியவர் எவருமில்லை. சிலர் தேதியில் சறுக்கினார்கள். இன்னும் சிலர், புதுப்பிக்கும் உரிமை ஏற்கெனவே கையில் இருக்கும்போது, அதையும் பேரத்தையும் ஒரே கடிதத்தில் கலந்து குழப்பிக்கொண்டார்கள். ஆகவே இந்த இரண்டுக்கும்தான் இங்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

ஒரே ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு கடைசிவரை போகலாம். 2,000 சதுர அடி அலுவலகம், 3 ஆண்டு ஒப்பந்தம், செப்டம்பர் 30 அன்று முடிகிறது. முதல் ஆண்டு மாத வாடகை 1,00,000. ஆண்டுக்கு 5% ஏற்றம் என்பதால் மூன்றாம் ஆண்டில் இப்போது 1,10,250 கட்டுகிறோம். எந்த நாணயத்தில் எண்ணினாலும் கணக்கு மாறாது.

முதலில் பழைய ஒப்பந்தத்தை எடுங்கள்

வாடகை எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில் என்ன இருக்கிறது என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, 'புதுப்பிப்பு' என்ற சொல் வருமிடத்தையெல்லாம் கோடிடுங்கள்.

தேட வேண்டியது இதுதான்: புதுப்பிக்கும் உரிமை வாடகைதாரருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறதா, அல்லது "இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் புதுப்பிக்கலாம்" என்று மட்டும் இருக்கிறதா? இரண்டும் கேட்பதற்கு ஒன்றுபோல இருக்கும். பின்னதில் உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. அந்த வரி இல்லாவிட்டாலும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் புதுப்பிக்க முடியும்தானே! முன்னது அப்படியல்ல. "வாடகைதாரர் எழுத்துமூலம் அறிவித்தால் மேலும் 3 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க உரிமை உண்டு" என்றிருந்தால், நீங்கள் முறைப்படி அறிவித்தவுடன் உரிமையாளர் கொடுத்தே ஆக வேண்டும். அவர் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை.

நம் உதாரணத்தில் அந்த உரிமை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஷரத்து இப்படிச் சொல்கிறது: ஒப்பந்தம் முடிய 9 மாதம் இருக்கும்போது அறிவிப்புக் காலம் திறக்கும், 6 மாதம் இருக்கும்போது மூடும். புதிய காலத்தின் வாடகை, கடைசியாகக் கட்டிய வாடகையைவிட 15% அதிகம். வாடகை பாக்கியோ ஒப்பந்த மீறலோ இருந்தால் உரிமை செல்லாது. அறிவிப்பு பதிவுத் தபாலில், ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு அனுப்பப்பட வேண்டும்.

இந்த நான்கு வரிகள் ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணி இருக்கிறது.

செப்டம்பர் 30க்கு 6 மாதம் முன்பு என்றால் மார்ச் 30ஆ, 31ஆ? வழக்கறிஞர்கள் இதற்காக மணிக்கணக்கில் வாதாடுவார்கள். அந்த வாதத்துக்கே இடம் கொடுக்காமல், உங்களுக்கென்று மார்ச் 10 என ஒரு கெடுவை வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பிய தேதி கணக்கா, கையில் கிடைத்த தேதி கணக்கா என்பதையும் ஷரத்தில் பாருங்கள். சொல்லாமல் விட்டிருந்தால், கிடைத்த தேதிதான் என்று நினைத்துக்கொண்டே செயல்படுங்கள்.

பாக்கி என்பது மாத வாடகை மட்டுமல்ல. எப்போதோ வந்த பராமரிப்புக் கட்டணப் பில்லில் தகராறு இருந்து, கட்டாமல் நிறுத்தி வைத்திருப்பீர்கள். அதுவும் பாக்கிதான். கடிதம் போவதற்கு முன், கணக்குப் பிரிவிடம் சொல்லி உரிமையாளரிடமிருந்து 'நிலுவை எதுவும் இல்லை' என்று ஒரு மின்னஞ்சலாவது வாங்கச் சொல்லுங்கள். தகராறு இருந்தால் தொகையைக் கட்டிவிட்டு, ஆட்சேபத்தை எழுதி வையுங்கள்.

முகவரி விஷயத்தில் நானே அடிபட்டிருக்கிறேன். கட்டடத்தை நிர்வகிக்கும் மேலாளர்தான் மாதாமாதம் எங்களோடு பேசுவார், ரசீது கொடுப்பார், குழாய் ஒழுகினால் ஆள் அனுப்புவார். புதுப்பிப்பு அறிவிப்பையும் அவருக்கே மின்னஞ்சலில் அனுப்பினேன். "கிடைத்தது, மேலே அனுப்பிவிடுகிறேன்" என்று பதிலும் வந்தது. ஆனால் ஒப்பந்தத்தில் இருந்ததோ உரிமையாளரின் முகவரி, பதிவுத் தபால். இரண்டு மாதம் கழித்து, "எங்களுக்கு முறைப்படி எந்த அறிவிப்பும் வரவில்லையே" என்று உரிமையாளர் தரப்பிலிருந்து கடிதம் வந்தது. அதற்குள் கெடு முடிந்துவிட்டது. கடைசியில் இடம் கிடைத்தது, ஆனால் அவர் சொன்ன வாடகைக்கு. அன்றிலிருந்து மேலாளருக்கு நகல் மட்டும்தான்.

இடையில் கட்டடம் கைமாறியிருந்தால் புதிய உரிமையாளர் யார், அவருடைய அறிவிப்பு முகவரி எது என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் பழைய முகவரி, புதிய முகவரி இரண்டுக்கும் அனுப்புங்கள். தபால் செலவு பெரிதல்ல.

எவ்வளவு கேட்கலாம்?

அனேகமாக எல்லோரும் இங்கே ஒரு சதவீதத்தை வாய்க்கு வந்தபடி சொல்லிவிடுகிறார்கள். "10% குறைக்கச் சொல்லுவோம், 5 ஆவது கிடைக்கும்." உரிமையாளர் "ஏன் 10?" என்று கேட்டால் பதில் இருக்காது. மூன்று எண்களைக் கண்டுபிடித்துவிட்டால் அந்தத் தடுமாற்றம் இல்லை.

முதல் எண், இதே இடத்துக்குச் சந்தையில் இன்று உண்மையில் என்ன விலை என்பது. பக்கத்துக் கட்டடத்தில் இதே அளவு தளம் ஒன்று காலியாக இருக்கிறது, சதுர அடிக்கு 58 கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2,000 சதுர அடிக்கு 1,16,000. பார்த்தவுடன் "நம்முடையதைவிட அதிகமாயிற்றே" என்று மனம் சோர்ந்துவிடும். அவசரப்படாதீர்கள். புரோக்கரிடம் பேசிப்பார்த்தால், உள்ளலங்கார வேலை முடியும்வரை முதல் 3 மாதம் வாடகை இல்லை என்கிறார். 36 மாத ஒப்பந்தத்தில் 33 மாதம்தான் பணம் கொடுக்கிறீர்கள். 33 × 1,16,000 = 38,28,000. அதை 36ஆல் வகுத்தால் மாதத்துக்கு 1,06,333. பலகையில் எழுதியிருக்கும் வாடகை 58, கையிலிருந்து போகும் வாடகை 53 சொச்சம். நாம் இப்போது கட்டும் 1,10,250 அதைவிட அதிகம்.

(ஆண்டு ஏற்றம் இரண்டு இடத்திலும் இருக்கும் என்பதால் அதை இங்கே சேர்க்கவில்லை. இரண்டின் சதவீதமும் வேறாக இருந்தால் நீங்கள் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.)

இன்னொன்று, சதுர அடி எப்படி அளக்கப்பட்டது என்று கேளுங்கள். சுவருக்குள் புழங்கும் இடம் மட்டுமா, படிக்கட்டு, லிஃப்ட், வராந்தாவின் பங்கும் சேர்ந்ததா? ஓர் இடத்தில் 2,000 என்பது இன்னோர் இடத்தில் 1,500தான் இருக்கும். அளவுமுறை வேறான இரண்டு இடங்களின் சதுர அடி விலையை ஒப்பிட்டுக் கடிதத்தில் எழுதினால், உரிமையாளர் முதல் பத்தியிலேயே உங்களை மடக்கிவிடுவார்.

இரண்டாவது எண், நீங்கள் காலி செய்தால் உரிமையாளருக்கு என்ன மிஞ்சும் என்பது. இதை யாரும் கணக்கிடுவதில்லை. ஆனால் பேச்சுவார்த்தையின் உயிர் இதில்தான் இருக்கிறது. புதிய ஆள் கிடைக்க 4 மாதம் ஆகும் என்று வையுங்கள். அவருக்கும் சந்தை வழக்கப்படி 3 மாதம் வாடகை விலக்கு தர வேண்டியிருக்கும். புரோக்கருக்கு 1 மாத வாடகை. 36 மாதத்தில் 8 மாதம் போய்விடுகிறது. மிச்சம் 28 மாதம். 28 × 1,16,000 = 32,48,000. 36ஆல் வகுத்தால் 90,222. பெயிண்ட் அடிக்கும் செலவுகூட இதில் இல்லை. பலகையில் 1,16,000 என்று போட்டாலும், ஆள் மாற்றினால் உரிமையாளருக்குச் சராசரியாகக் கிடைப்பது இவ்வளவுதான்.

காலியாக எத்தனை மாதம் கிடக்கும் என்ற ஊகத்தை நீங்களாக எடுக்காதீர்கள். உங்கள் கட்டடத்திலேயே கடைசியாகக் காலியான தளம் எத்தனை மாதம் பூட்டிக் கிடந்தது? காவலாளிக்குத் தெரியும். பக்கத்துத் தளத்து வரவேற்பாளருக்கும் தெரியும்.

மூன்றாவது எண், நீங்கள் காலி செய்தால் உங்களுக்கு என்ன ஆகும் என்பது. புதிய இடத்தில் தடுப்பு, மின்கம்பி, இணைய இணைப்பு. சாமான் ஏற்றி இறக்குவது. ஒரு மாதம் இரண்டு வாடகை. பழைய இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு. கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் போட்ட கண்ணாடித் தடுப்பையும் பொய்க்கூரையையும் நீங்களே அகற்ற வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். எல்லாம் சேர்ந்து 7,20,000 என்றால், 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 20,000. பக்கத்து இடத்தின் 1,06,333ஐயும் சேர்த்தால் 1,26,333.

ஆக, உரிமையாளருக்கு 90,222க்கு மேல் எது கிடைத்தாலும் உங்களை வைத்துக்கொள்வது லாபம். உங்களுக்கு 1,26,333க்குக் கீழே எது கொடுத்தாலும் இங்கேயே இருப்பது லாபம். பேச்சு நடக்கப்போவது இந்த இரண்டுக்கும் நடுவில். இந்த இடைவெளி பெரிதாக இருப்பதைப் பார்த்து ரொம்பவும் சந்தோஷப்பட வேண்டாம். உங்கள் மேல்வரம்பை உரிமையாளரும் கிட்டத்தட்ட ஊகித்துவிடுவார். பெரிய செலவில் உள்ளலங்காரம் செய்திருக்கிறீர்கள் என்பதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

இப்போது ஷரத்தில் உள்ள 15% உயர்வைப் பாருங்கள். 1,10,250இன் மேல் 15% என்றால் 1,26,788. உங்கள் மேல்வரம்பைக் கொஞ்சம் தாண்டியேவிட்டது. அதாவது அந்த உரிமை ஒரு பாதுகாப்பு வலை மட்டுமே. அதைப் பயன்படுத்தினால் இடம் போகாது, ஆனால் விலையில் எந்த நன்மையும் இல்லை. பேரம் பேசியே ஆக வேண்டும். வலையையும் விட்டுவிடக் கூடாது.

உரிமையையும் பேரத்தையும் ஒரே உறையில் போடாதீர்கள்

"நாங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறோம், ஆனால் வாடகையை 1,06,000 ஆக வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்." பார்த்தால் மரியாதையான, ஒழுங்கான வாக்கியம். ஆனால் இது எந்தக் கடிதம்? புதுப்பிக்கும் உரிமையைப் பயன்படுத்தும் அறிவிப்பு என்றால் ஷரத்தில் உள்ளபடியே, நிபந்தனை இல்லாமல் இருக்க வேண்டும். வாடகையை மாற்றிக் கேட்டதால் அது அந்த அறிவிப்பு ஆகாது என்று உரிமையாளர் வாதிடலாம். பேரம் என்றால், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அவர் பதில் போடாமல் கெடு முடியும்வரை காத்திருந்தால், உங்களிடம் இரண்டில் ஒன்றும் இல்லை.

அதனால் இரண்டு கடிதம், இரண்டு தேதி. அறிவிப்புக் காலம் டிசம்பர் கடைசியில் திறக்கிறது. ஜனவரி 10 வாக்கில் முன்மொழிவுக் கடிதம். அதில், 'இது இன்ன ஷரத்தின்படியான அறிவிப்பு அல்ல, அந்த உரிமை எங்களுக்கு அப்படியே நீடிக்கிறது' என்று ஒரு வரி. பிப்ரவரி 10க்குள் பதில் கேளுங்கள். பேசி முடிந்தால் நல்லது. மார்ச் 10 வரை முடியவில்லை என்றால் உட்கார்ந்து யோசியுங்கள்: 1,26,788க்கு இருக்கத் தயாரா, இல்லை காலி செய்யத் தயாரா? இருப்பதென்றால், ஷரத்தின் சொற்களையே எடுத்து நான்கே வரியில், வாடகை குறைப்பு பற்றி ஓர் எழுத்துகூட இல்லாமல், பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். அனுப்பியபின் அதைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். நீங்கள் கட்டுப்பட்டுவிட்டீர்கள்.

எழுத்தில் பேரம் பேசும்போது இன்னொரு வழுக்கல் உண்டு. 1840இல் இங்கிலாந்தில் ஹைட் – ரெஞ்ச் என்று ஒரு வழக்கு. ரெஞ்ச் தன் பண்ணையை 1,000 பவுண்டுக்குத் தருவதாகச் சொன்னார். ஹைட் 950 தருகிறேன் என்றார். ரெஞ்ச் மறுத்தார். உடனே ஹைட், சரி, 1,000க்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார். நீதிமன்றம் ஒப்பந்தமே உண்டாகவில்லை என்றது. 950 என்று சொன்ன நொடியில் 1,000 என்ற முன்மொழிவு செத்துவிட்டது. அந்தச் சட்ட மரபு நடக்கும் நாடுகளில் இது இன்றும் பாடம். உரிமையாளர் "1,12,000, இதுதான் கடைசி" என்று எழுதினால், "1,08,000" என்று திருப்பி எழுதுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். பழைய 1,12,000 மேசைமேல் அப்படியே இருக்கும் என்று நம்பாதீர்கள். "இதில் முதல் 6 மாதத்துக்கு ஏதாவது சலுகைக்கு வாய்ப்பு உண்டா?" என்று விசாரிப்பது வேறு, எதிர்விலை சொல்வது வேறு. விசாரிப்பது பாதுகாப்பானது.

எத்தனை ஆண்டு கேட்பது?

காலமும் ஒரு காசுதான். நீண்ட காலத்துக்கு உறுதி கொடுத்தால் அதற்குப் பதிலாக ஏதாவது வாங்க வேண்டும். "5 ஆண்டு இருக்கிறோம்" என்பதை முதல் வரியிலேயே இலவசமாகக் கொடுத்துவிட்டு, ஐந்தாவது வரியில் வாடகை குறைக்கக் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர் அலுவலகத்தில் உட்காருவார்கள் என்று உங்களால் சொல்ல முடியுமானால் 3 கேளுங்கள். முடியாதென்றால், 3 கேட்டு, 18 மாதத்துக்குப் பிறகு 3 மாத முன்னறிவிப்பில் வெளியேறும் உரிமையையும் சேர்த்துக் கேளுங்கள். வெளியேறும் உரிமை கேட்கும்போது உங்கள் காலத்தின் மதிப்பு உரிமையாளர் கண்ணில் 3 ஆண்டிலிருந்து 21 மாதமாகக் குறைகிறது. அதனால் வாடகைக் குறைப்பும் வெளியேறும் உரிமையும் சேர்ந்து முழுதாகக் கிடைப்பது அபூர்வம். எது முக்கியம் என்று முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

நம் உதாரணத்தில் இடம் போதும், ஆள் கூடப் போவதில்லை. அதனால் 3 ஆண்டு, முழுக்க உறுதி. அதற்குப் பதிலாக முதல் ஆண்டு 1,06,000, பிறகு ஆண்டுக்கு 4%. இரண்டாம் ஆண்டு 1,10,240, மூன்றாம் ஆண்டு 1,14,650. மூன்றின் சராசரி 1,10,297. பேசும்போது இந்தச் சராசரி மிகவும் உதவும். இன்று வாங்கும் 1,10,250 குறையவில்லை, மூன்று ஆண்டிலும் சராசரியாக அதேதான் வருகிறது என்று உரிமையாளரிடம் உண்மையாகவே சொல்லலாம்.

ஏற்றத்தைச் சதவீதமாக மட்டும் எழுதாதீர்கள். 4% எதன்மேல்? முதல் ஆண்டு வாடகையின் மேலா, முந்தைய ஆண்டின் மேலா? வாடகைக்கு மட்டுமா, பராமரிப்புக் கட்டணத்துக்கும் சேர்த்தா? ஒவ்வோர் ஆண்டின் தொகையையும் எண்ணாக எழுதிவிட்டால் இந்தக் கேள்விகளே எழாது.

கடிதம்

கடிதத்துக்கு ஒரு வாரம் முன் தொலைபேசியில் பேசிவிடுங்கள். "சார், ஒப்பந்தம் செப்டம்பரோட முடியுது. தொடரணும்னுதான் நினைக்கிறோம். அடுத்த வாரம் ஒரு கடிதம் அனுப்புறோம், பார்த்துட்டு சொல்லுங்க." அவ்வளவு போதும். வாடகை எவ்வளவு என்று அவர் கேட்டாலும், "எழுத்துல அனுப்பிடறேன் சார்" என்று முடித்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் வாய்தவறி வந்த எண்தான் பிறகு பேச்சின் தொடக்கப் புள்ளியாகிவிடும்.

பிறகு இதுபோல எழுதலாம்:

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> பொருள்: இரண்டாம் தள அலுவலக வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்கான முன்மொழிவு
>
> மேற்கண்ட அலுவலகத்தை (2,000 சதுர அடி) நாங்கள் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் வாடகைக்கு வைத்திருக்கிறோம். ஒப்பந்தம் வரும் செப்டம்பர் 30 அன்று முடிகிறது. இந்தக் காலம் முழுவதும் வாடகை உரிய தேதியில் செலுத்தப்பட்டுள்ளது. இன்றைய தேதியில் நிலுவை ஏதுமில்லை.
>
> அக்டோபர் 1 முதல் மேலும் 3 ஆண்டுகளுக்கு, இடையில் வெளியேறும் உரிமை கோராமல், தொடர விரும்புகிறோம். மாத வாடகையாக முதல் ஆண்டு 1,06,000, இரண்டாம் ஆண்டு 1,10,240, மூன்றாம் ஆண்டு 1,14,650 என முன்மொழிகிறோம். பராமரிப்புக் கட்டணமும் முன்பணமும் இப்போதுள்ளபடியே தொடரும்.
>
> அருகிலுள்ள இதே அளவு தளம், இதே அளவுமுறையில், சதுர அடிக்கு 58 என்ற விலையில் 3 மாத வாடகை விலக்குடன் கிடைக்கிறது. 36 மாதங்களுக்குக் கணக்கிட்டால் அது மாதம் 1,06,333 ஆகிறது. எங்கள் முன்மொழிவு இதை ஒட்டியது. மூன்று ஆண்டுகளின் சராசரியாகப் பார்த்தால் தங்களுக்கு இப்போது கிடைக்கும் வாடகை குறையாது.
>
> இக்கடிதம் பேச்சுவார்த்தைக்கான முன்மொழிவு மட்டுமே. இரு தரப்பும் கையொப்பமிட்ட ஆவணம் உருவாகும்வரை இது எவரையும் கட்டுப்படுத்தாது. ஒப்பந்தத்தின் புதுப்பிப்பு ஷரத்தின்கீழ் எங்களுக்குள்ள உரிமையை இது பயன்படுத்தவுமில்லை, கைவிடவுமில்லை.
>
> பிப்ரவரி 10க்குள் தங்கள் கருத்தைத் தெரிவிக்க வேண்டுகிறோம். தங்களுக்கு வசதியான நாளில் நேரில் வந்து பேசவும் தயாராக இருக்கிறோம்.
>
> இப்படிக்கு,

கவனித்திருப்பீர்கள், உரிமையாளரின் 90,222 கணக்கு கடிதத்தில் இல்லை. அதை எழுத்தில் வைத்தால் மிரட்டல்போலத் தொனிக்கும். நேரில் பேசும்போது, "புதுசா ஒருத்தர் வந்தா அவருக்கும் மூணு மாசம் விட வேண்டியிருக்குமே சார்" என்று ஒரு வரி போதும், மீதிக் கணக்கை அவரே போட்டுக்கொள்வார். "தொழில் மந்தம், சமாளிக்க முடியவில்லை" என்றும் எழுதாதீர்கள். வாடகை கட்டச் சிரமப்படும் ஆளுக்கு மூன்று ஆண்டு நீட்டிப்புக் கொடுக்க எந்த உரிமையாளரும் தயங்குவார்.

பதில் வந்தபின்

நம் உரிமையாளர் 1,16,000, ஆண்டுக்கு 5% என்று பதில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வாடகையின் மூன்றாண்டுச் சராசரி 1,21,897. முதல் ஆண்டு எண்ணை மட்டும் பார்த்தால் இடைவெளி 10,000, சராசரியில் பார்த்தால் 11,600. பேரத்தில் எப்போதும் சராசரியையே பாருங்கள். முதல் ஆண்டில் 2,000 விட்டுக்கொடுத்து, ஏற்றத்தை 5இலிருந்து 6 ஆக்கிக்கொள்ளும் உரிமையாளர்கள் உண்டு.

நேரில் பேசி, முதல் ஆண்டு இப்போதைய 1,10,250 அப்படியே, பிறகு 4% என்று முடிகிறது. மூன்று ஆண்டுகளில் 1,10,250, 1,14,660, 1,19,246. சராசரி 1,14,719. நீங்கள் கேட்டதைவிட மாதம் 4,400 அதிகம், அவர் கேட்டதைவிட 7,200 குறைவு, ஷரத்தின் முதலாண்டு வாடகையைவிட 12,000 குறைவு. அவர் எண்ணில் இறங்க மறுக்கும் இடத்தில் பொருளில் கேளுங்கள். பழுதான ஏசியை மாற்றுவது, கழிப்பறையைச் சீரமைப்பது, கூடுதலாக ஒரு வண்டி நிறுத்தும் இடம். வாடகை எண்ணைக் குறைத்தால் மற்ற தளத்துக்காரர்களும் கேட்பார்கள் என்ற பயம் உரிமையாளருக்கு உண்டு. ஏசிக்கு அந்தப் பயம் இல்லை.

பதிலே வரவில்லை என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நினைவூட்டுங்கள். ஆனால் மார்ச் 10ஐத் தள்ளிப்போடாதீர்கள். "பேசிக்கொண்டிருக்கிறோமே, கெடுவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்" என்று அவர் சொன்னால், கெடுவை நீட்டிப்பதாக எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். தரத் தயங்கினால் அந்த ஆறுதலுக்கு மதிப்பில்லை.

முடிவானபின் ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ துணை ஒப்பந்தம் எழுதப்படும். மூன்று இடத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஒன்று, பழைய இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் கடமை புதிய முடிவுத் தேதிக்குத் தள்ளிப் போடப்பட்டிருக்கிறதா என்பது. இல்லாவிட்டால் செப்டம்பர் 30 அன்றே அந்தக் கடமை விழுந்துவிட்டது என்று பிற்பாடு ஒருவர் சொல்லலாம். அடுத்து, முன்பணம் 'இத்தனை மாத வாடகை' என்று எழுதப்பட்டிருந்தால், வாடகை ஏறும்போதெல்லாம் மேல்தொகை கேட்பார்கள். தொகையை எண்ணாக எழுதச் சொல்லுங்கள். பழைய முன்பணம் புதிய காலத்துக்கும் தொடர்கிறது என்ற வரியும் அங்கேயே வர வேண்டும். மூன்றாவது, இந்தக் காலம் முடிந்தபின் மறுபடியும் புதுப்பிக்கும் உரிமை. பழைய உரிமையை ஒருமுறை பயன்படுத்தினால் அது தீர்ந்துபோகும். புதிதாக எழுதவில்லை என்றால் அடுத்த முறை வலை இல்லை.

முத்திரைக் கட்டணமும் பதிவும் தேவையா என்பது உங்கள் இடத்துச் சட்டத்தைப் பொறுத்தது. ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் கேட்டுவிடுங்கள். கையொப்பம் செப்டம்பர் 30க்கு முன் ஆகிவிட வேண்டும். காலம் முடிந்தபின் கையொப்பமில்லாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒன்றரை மடங்கு, இரு மடங்கு வாடகை என்று பல ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்து உண்டு. "எல்லாம் பேசி முடிச்சாச்சே, தாள்தானே பாக்கி" என்று அக்டோபரில் அலட்சியமாக இருந்தவருக்கு, நவம்பரில் 1,65,375க்கு பில் வந்தால் அதை எதிர்த்துக் காட்ட அவரிடம் கையொப்பமிட்ட ஒரு தாளும் இருக்காது.